வாந்தி நின்றுவிட்டால் பூனை தேறிவிட்டது என்று அர்த்தமில்லை

தக்கலைப் பக்கம் ஒரு வீட்டுப் பூனை. ஏழு வயது, 4 கிலோ எடை. ஒரு காலையில் அடுத்தடுத்துக் கக்கியது. முதலில் முந்தின இரவு தின்ற சாளை வந்தது, பிறகு மஞ்சள் நீரும் நுரையும். மதியத்துக்கு மேல் கக்கல் நின்றது. மீன் ஒத்துக்கொள்ளவில்லை, வெளியே வந்துவிட்டது, இனி சரியாகிவிடும் என்று வீட்டார் நினைத்தார்கள். மறுநாள் மீன் வெட்டும்போதும் அது கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. அதன் பிறகுதான் மருத்துவரிடம் கொண்டுவந்தார்கள். அதற்கு வந்திருந்தது கணைய அழற்சி.

கணைய அழற்சி வந்த பூனைகளில் ஏறக்குறைய பாதிதான் வாந்தி எடுக்கும். பல பூனைகளுக்குத் தீனி வெறுப்பும் சோர்வும் மட்டுமே இருக்கும். வாந்தி எடுப்பவற்றிலும் அது சீக்கிரமே நின்றுவிடலாம். ஆனால் உள்ளே நடப்பது நிற்பதில்லை. குடலுக்குள் போய் வேலை செய்ய வேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதன் திசுவையே அரிக்கின்றன. அதனால் வாந்தியின் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தீனித் தட்டைப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பூனையை மறுநாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது.

வயிற்று வலியைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நாய் என்றால் முன்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நின்று வலியைக் காட்டிவிடும். பூனை நான்கு காலையும் அடியில் மடக்கி, முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கும். பார்ப்பவருக்கு அது தூக்கமாகத் தெரியும். வயிற்றில் கைகொடுத்துத் தூக்கும்போது உடம்பை இறுக்குகிறதா, வழக்கமாகத் தாவும் இடத்தில் தாவாமல் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். காய்ச்சல் இல்லை என்று நிம்மதி அடையவும் முடியாது. பூனையின் இயல்பான சூடு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். இந்த நோயில் அது கீழே இறங்குவதே அதிகம், இறங்குவது நல்ல அறிகுறியும் அல்ல. இந்தப் பூனைக்கு 99 தான் இருந்தது. காதும் பாதமும் சில்லென்றிருந்தன.

முதலில் வாயைத் திறந்து நாக்கின் அடியைப் பார்த்தார்கள். தையல் நூலை விழுங்கிய பூனையும் இப்படித்தான் கக்கும், நூல் பல நேரம் நாக்கடியில் மாட்டியிருக்கும். அடைப்போ முள்ளோ இல்லை என்பதை எக்ஸ்ரே காட்டியது. அடுத்தது ரத்தப் பரிசோதனை. மனிதர்களுக்குப் பார்க்கும் அமிலேஸ் அளவு பூனைக்கு உதவாது. பூனைக்கென்றே உள்ள கணைய லைப்பேஸ் சோதனையைக் கேட்க வேண்டும், அதன் பெயர் fPL. இந்தப் பூனைக்கு அந்த அளவு உயர்ந்திருந்தது. குறைவாக வந்தாலோ, ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலோ நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஈரல் அளவுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். பூனைக்குக் கணையக் குழாயும் பித்தக் குழாயும் சேர்ந்தே குடலில் திறப்பதால் ஒன்றின் அழற்சி மற்றதையும் தொடும்.

சிகிச்சையில் கணையத்துக்கென்று தனி மருந்து கிடையாது. நரம்பு வழியே திரவம், வலிக்கு ஊசி, குமட்டலுக்கு மாரோபிட்டன்ட். இதன் அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை. வாந்தி இல்லாவிட்டாலும் குமட்டல் இருக்கும் என்பதால் இதைத் தொடர்ந்தார்கள். பூனை எச்சிலை அடிக்கடி விழுங்குவதும், தட்டை முகர்ந்து முகம் திருப்புவதும் குமட்டலின் அடையாளம். வலி மருந்து என்று வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

வீடுகளில் தவறுவது தீனி விஷயத்தில்தான். லங்கணம் பரம ஔஷதம் என்ற வழக்கத்தில் வயிற்றைக் காயப்போடுகிறார்கள். பூனைக்கு இது ஆபத்து. சில நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும், கொழுத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம். அதற்காக ஊசிக்குழாயால் வாயில் திணிப்பதும் தவறு. குமட்டலோடு திணித்த தீனியைப் பூனை பிறகு அடியோடு வெறுக்கும், மூச்சுக்குழலிலும் போகக்கூடும். இந்தப் பூனைக்கு மூக்கு வழியே மெல்லிய குழாய் வைத்தார்கள். எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டினால் ஒரு நாள் தேவை கிடைக்கும், 4 கிலோவுக்கு 190 கலோரி. முதல் நாள் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதையும் சிறு சிறு அளவாக. பிறகு படிப்படியாகக் கூட்டி முழு அளவு. உடம்புச் சூடு ஏறியதும் பூனை தானாகவே வேகவைத்த மீனை நக்கத் தொடங்கியது.

மீன்தான் காரணமா என்று எல்லோரும் கேட்பார்கள். பெரும்பாலான பூனைகளில் காரணம் தெரிவதே இல்லை. நாய்க்குப் போலக் கொழுப்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, அது விரும்பித் தின்பதைக் கொடுக்கலாம். ஆனால் இந்த நோய் திரும்ப வரக்கூடும், சில பூனைகளுக்கு நீரிழிவும் தொடரும். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். எடை இறங்கினாலோ, வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்தாலோ, வாந்திக்குக் காத்திராமல் கொண்டுபோங்கள்.