பதினான்காவது ஸ்லைடில் ஒரு தேதி மட்டும்தான் இருந்தது

ஜூன் கடைசியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டுக்கு உயிர்ப்புள்ளியியல் பாடம். இருபது வருடமாக அதை நடத்திய பேராசிரியர் அந்த மே மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். "சாரோட ஸ்லைடு எல்லாம் இருக்கு, அதை வெச்சே நடத்திடலாம்" என்று துறை அலுவலகத்தில் ஒரு பிடிஎஃப் தந்தார்கள். வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

சூத்திரங்கள், அட்டவணைகள் உள்ள ஸ்லைடுகளில் ஒரு சிரமமும் இல்லை. சிக்கல் இரண்டாவது யூனிட்டில்தான். 13-வது ஸ்லைடில் லண்டன் காலரா வரைபடம், ஆங்கில மருத்துவர் ஜான் ஸ்நோ வரைந்தது. 14-ல் கைப்பிடி இல்லாத ஒரு தண்ணீர் பம்பின் படம், அடியில் "8 செப்டம்பர் 1854" என்ற தேதி. 15-ல் படமும் இல்லை, "தீர்மானிக்க இயலாது" என்ற பொருளில் மேற்கோள் குறிக்குள் மூன்று ஆங்கிலச் சொற்கள், கீழே ஸ்நோவின் பெயர். 16-ல் இரண்டு குடிநீர் நிறுவனங்களின் அட்டவணை. எதற்கும் தலைப்பு கிடையாது.

பம்ப் கதை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பிராட் தெரு பம்பின் தண்ணீர்தான் காலராவைப் பரப்புகிறது என்று ஸ்நோ கண்டுபிடித்தார், கைப்பிடியைக் கழற்ற வைத்தார், காலரா நின்றது. வகுப்பில் இதைத்தான் உற்சாகமாகச் சொன்னேன். அடுத்த ஸ்லைடைத் தட்டியதும் "தீர்மானிக்க இயலாது" என்று திரையில் வந்தது. முன் வரிசை மாணவி கேட்டாள்: "சார், நின்னுடுச்சுன்னு சொன்னீங்க, அவரே தீர்மானிக்க முடியாதுன்னு சொல்றாரே, எதை?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று முடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த "எதை?" உறுத்திக்கொண்டே இருந்தது.

முதலில் செய்தது வீண் வேலை. பம்பின் படத்தை இணையத்தில் ஏற்றித் தேடினேன். இன்றைய பிராட்விக் தெருவில் நிற்கும் மாதிரி பம்ப் என்று தெரிந்தது. இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம். படத்தில் இருப்பது என்ன என்பதைத்தான் அந்தத் தேடல் சொல்லும். அந்த இடத்தில் அதை ஏன் வைத்தார் என்பது அதில் கிடைக்காது.

அப்புறம்தான் உறைத்தது, என்னிடம் இருப்பது பிடிஎஃப். ஸ்லைடுக்கு அடியில் ஆசிரியர் எழுதி வைத்த குறிப்புகள், மறைத்து வைத்த ஸ்லைடுகள் எல்லாம் பிடிஎஃப் ஆக்கும்போது பெரும்பாலும் விடுபட்டுவிடும். மறுநாள் அலுவலகம் போய் மூலக் கோப்பைக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்றார் எழுத்தர். ஒன்றல்ல என்று விளக்கியும் பயனில்லை. மூன்று முறை அலைந்த பிறகு பழைய கணினியிலிருந்து பென் டிரைவில் ஏற்றித் தந்தார். உங்களுக்கும் இப்படி ஒரு தொகுப்பு கைமாறினால் முதல் நாளே .pptx கோப்பைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பவர்பாயிண்டில் View போய் Notes Page-ஐத் திறந்தால் குறிப்புகள் தெரியும். பவர்பாயிண்ட் இல்லையென்றால் கோப்பின் ஒரு நகலுக்கு .zip என்று பெயர் மாற்றித் திறந்து, ppt/notesSlides என்ற அடைவைப் பாருங்கள்.

ஆவலோடு திறந்தேன். அறுபது சொச்சம் ஸ்லைடில் குறிப்பு இருந்தது நான்கில் மட்டும். 14-ல் இருந்தது இவ்வளவுதான்: "143, 12". பக்க எண்ணா, மதிப்பெண்ணா, ஒன்றும் புரியவில்லை.

சரி, மேற்கோளையாவது முழுதாகப் பார்ப்போம் என்று ஸ்நோவின் 1855-ஆம் ஆண்டுப் புத்தகத்தைத் தேடினேன். இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. மூன்று சொல்லை வைத்துத் தேடியதும் முழு வாக்கியம் வந்தது. மக்கள் அந்தப் பகுதியை விட்டு ஓடியதாலேயே சாவு வெகுவாகக் குறைந்தது, தண்ணீரை நிறுத்தும் முன்பே நோய்த்தாக்கு அந்த அளவுக்குத் தணிந்துவிட்டது, எனவே கிணற்றில் விஷம் இன்னும் வீரியத்தோடு இருந்ததா, அல்லது ஏதோ காரணத்தால் தண்ணீர் அதற்குள் சுத்தமாகிவிட்டதா என்று தீர்மானிக்க இயலாது என்கிறார். அந்த மாணவி கேட்ட "எதை?"-க்கு இதுதான் பதில். நான் வகுப்பில் சொன்ன கதையை ஸ்நோவே ஏற்கவில்லை.

அதே பகுதியில் நாள்வாரியாக ஓர் அட்டவணை இருக்கிறது. உயிரைப் பறித்த தாக்குதல்கள் எந்தெந்த நாளில் தொடங்கின என்ற கணக்கு. செப்டம்பர் 1-ஆம் தேதி 143. மறுநாள் 116, அதற்கடுத்த நாள் 54. கைப்பிடியைக் கழற்றிய 8-ஆம் தேதி 12. அந்த இரண்டு எண்ணையும் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஆக, 14-வது ஸ்லைடு பம்பைப் பற்றியதே அல்ல, அந்தத் தேதியைப் பற்றியது. கைப்பிடியைக் கழற்றும்போது நோய் ஏற்கெனவே பன்னிரண்டில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. கழற்றியதற்கு முன், கழற்றியதற்குப் பின் என்று ஒப்பிட்டுக் காரணம் சொல்ல அங்கே வழியில்லை.

ஆனாலும் இது என் ஊகம்தானே? அக்கம்பக்கத்து ஸ்லைடுகளோடு வைத்துப் பார்த்தேன். 16-ல் இருந்த அட்டவணை: சதக் அண்ட் வாக்ஸால் நிறுவனத்தின் தண்ணீர் போன வீடுகளில் பத்தாயிரம் வீட்டுக்கு 315 சாவு. தேம்ஸ் நதியின் மேல்பகுதிக்கு நீரெடுப்பை மாற்றிவிட்ட லாம்பெத் நிறுவனத்தின் வீடுகளில் 37. ஒரே வட்டாரம், பல இடங்களில் ஒரே தெரு, தண்ணீர் மட்டும் வேறு. முன்–பின் ஒப்பீடு கைவிட்ட இடத்தில் இந்தப் பக்கத்து வீட்டு ஒப்பீடு கைகொடுக்கிறது. நான் முதலில் சொன்ன கதையை 14-ல் வைத்தால் 15 முரண்படும், 16 தேவையே இல்லாமல் நிற்கும். புதிய பொருளை வைத்தால் மூன்றும் ஒரே வாதமாக ஓடுகின்றன. நூலகத்தில் இருந்த பழைய வினாத்தாள்களையும் புரட்டினேன். ஒன்றில் ஐந்து மதிப்பெண் கேள்வி: பம்பின் கைப்பிடியை அகற்றியதே காலரா தணிந்ததற்குக் காரணம் என்ற கூற்றை மதிப்பிடுக.

இதற்கிடையில் பேராசிரியரை இரண்டு முறை தொலைபேசியில் பிடித்தேன். முதல் முறை பொதுவாக, "அந்த மேற்கோள் ஸ்லைடுக்கெல்லாம் என்ன சார் சொல்வீங்க?" என்றேன். "எல்லாம் தெரிஞ்ச விஷயம்தான் தம்பி, நீங்களே சொல்லிடுவீங்க" என்று வைத்துவிட்டார். அட்டவணை கிடைத்த பிறகு மறுபடி அழைத்து, "143, 12 என்பது செப்டம்பர் 1-க்கும் 8-க்கும் உள்ள தாக்குதல் கணக்குதானே சார்?" என்று கேட்டேன். இருபது நிமிடம் பேசினார்! தேதியை மட்டும் காட்டிவிட்டு, 1-ஆம் தேதி எத்தனை, 8-ஆம் தேதி எத்தனை என்று மாணவர்களையே ஊகிக்கச் சொல்வாராம், எண்களைக் கரும்பலகையில் எழுதுவாராம். அதனால்தான் ஸ்லைடில் எண்களே இல்லை. யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் வெறுங்கையோடு போகாதீர்கள். தவறான ஊகமாக இருந்தாலும் ஒன்றைக் கொண்டுபோங்கள், அதைத் திருத்தவாவது அவர் வாய் திறப்பார்.

அடுத்த வகுப்பில், போன முறை நான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு, அவர் செய்தபடியே நடத்தினேன். கடைசி வரிசை வரைக்கும் கை தூக்கினார்கள்.

எல்லாம் இப்படிக் கிடைத்துவிடவில்லை. 31-வது ஸ்லைடில் ஒரு ரயில் நிலையக் கூட்டம், அடியில் "இவர்களில் யார்?" என்ற வரி. அதற்கு முந்தைய ஸ்லைடுகள் கூறெடுப்பைப் பற்றியவை, பிந்தையவை நோயறி சோதனைகளின் பிழையைப் பற்றியவை. இரண்டோடும் பொருந்துகிறது, எது என்று முடிவு செய்ய எதுவும் இல்லை. அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கே ஞாபகம் இல்ல தம்பி, எடுத்துடுங்க" என்றார். எடுக்க மனம் வரவில்லை. மறைத்து மட்டும் வைத்து, அடியில் குறிப்புப் பகுதியில் நடந்ததை இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன்.