புதுப்பிப்பில் பிரீமியம் கூடும்போது எழுதவேண்டிய கடிதம்

“தம்பி, காருக்குப் போன வருசம் எழுபத்தஞ்சாயிரம், இந்த வருசம் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரமோ? ஏன்?” யாழ்ப்பாணத்தில் வாகனக் காப்புறுதி முகவர் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. “தவிர்க்க முடியாத காரணங்களால்” என்று கடிதத்தில் எழுதினால் கேள்வி இன்னும் கூடும். கூடிய காசைப் பிரித்துக் காட்டுவதுதான் வழி.

உதாரணத்துக்கு, போன வருடம் காரின் காப்புறுதித் தொகை 40 இலட்சம், வீதம் 2 சதவீதம். 80,000 ரூபாயில், கிளெயிம் எடுக்காதவருக்குக் கிடைக்கும் 20 சதவீத நோ கிளெயிம் போனஸ் கழிய 64,000. 18 சதவீத வற் வரியோடு 75,520. சிறு கட்டணங்களை விடுவோம். இந்த வருடம் சந்தைப் பெறுமதி 50 இலட்சம். இடையில் ஒரு கிளெயிம் எடுத்ததால் போனஸ் இல்லை. அடிப்படை ஒரு இலட்சம், வரியோடு 1,18,000.

கடிதத்தில் இப்படி எழுதலாம்: “வரிக்கு முன் கூடியது 36,000. அதில் 16,000 காரின் பெறுமதி ஏறியதால், 20,000 போனஸ் போனதால். எங்கள் வீதம் மாறவில்லை.” வீதமும் கூடியிருந்தால் அதையும் தனி வரியில் போடவேண்டும். அதை ஒளிப்பவர்கள் ஏராளம். பக்கத்து வீட்டுக்காரரின் கடிதத்தோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்.

“அப்ப பழைய 40 இலட்சத்துக்கே போடுங்கோ” என்பார்கள். குறைத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடவேண்டும். பெறுமதியைக் குறைத்துப் போட்ட அளவுக்கு இழப்பீட்டையும் குறைக்கும் சராசரி நிபந்தனை பொலிசியில் இருந்தால், 3 இலட்சம் சேதத்துக்கு ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 2,40,000தான் கிடைக்கும். மிச்சம் 60,000 உரிமையாளரின் கையிலிருந்து. மறுபக்கம், பெறுமதியைக் கூட்டிப் போடுவதும் வீண்தான். கார் முழுதாக அழிந்தாலும் சந்தை விலைக்கு மேல் கிடைக்காது. 2025இல் இறக்குமதி மறுபடி திறந்த பின் பழைய வாகன விலைகள் ஒரே நிலையில் நிற்கவில்லை. ஆகவே முதல் மாற்று வழி, பெறுமதியை இன்றைய விலைக்கு மீளப் பார்ப்பது.

இரண்டாவது, சேதத்தின் முதல் 25,000 ரூபாயை உரிமையாளரே ஏற்பதாக எழுதிப் பிரீமியத்தில் கழிவு பெறுவது. சிறு கீறலுக்குக் கிளெயிம் எடுக்காதவருக்கு இது பொருந்தும். மேலே உள்ள கணக்கில், 15,000 ரூபாய் பம்பர் வேலைக்குக் கிளெயிம் போட்டவர் அடுத்த வருடம் போனஸில் மட்டும் 20,000 இழக்கிறார். ஓர் ஓட்டுநர் இதை விபத்து நடந்த அன்றே அறிந்திருக்கவேண்டும், புதுப்பிப்பின்போது அல்ல.

மூன்றாவது, மூன்றாம் தரப்புக் காப்புறுதி. மிக மலிவு, சட்டத்துக்கும் போதும். ஆனால் சொந்தக் காருக்கு ஒரு சதமும் வராது. லீசிங்கில் உள்ள வாகனத்துக்கு லீசிங் நிறுவனம் முழுக் காப்புறுதியையே கேட்கும். ஆகவே லீசிங் முடிந்ததா என்று பார்க்காமல் இந்த வழியைக் கடிதத்தில் எழுதவேண்டாம்.

கடிதம் காலாவதிக்கு ஒரு மாதம் முன்னரே கிடைக்கவேண்டும். கார் யாழ்ப்பாணத்தில் ஓட, காசு கட்டும் மகன் கனடாவில் இருக்கும் வீடுகளில் அவரிடமும் கேட்டு முடிவெடுக்க நாள் தேவை.