விலை சொல்வதற்கு முன் பேசிய 50 நிமிடம்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவர், தெரிந்தவர் மூலம் என் நம்பர் வாங்கி அழைத்தார். "தம்பி, எங்களுக்கு ஒரு மொபைல் ஆப் வேணும். எவ்வளவு ஆகும்?" முதல் வாக்கியமே இதுதான். நான் கோவையில் இருந்துகொண்டு தனியாக சாஃப்ட்வேர் வேலை எடுத்துச் செய்பவன். சில வருடங்களுக்கு முன் இதே கேள்விக்கு போனிலேயே 40,000 என்று சொல்லிவிட்டு, மூன்று மாதம் உழைத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்த முறை தொகை சொல்லவில்லை. "அண்ணா, நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. உங்க வேலை எப்படி நடக்குதுன்னு கேட்டுட்டு, அப்புறம் எழுத்துல விலை தர்றேன்" என்றேன். அதற்குப் பணம் கேட்கவில்லை.

மறுநாள் பேச்சை ஆப்பிலிருந்து தொடங்கவில்லை. "அந்த ஆப் கையில இருந்தா காலையில முதல்ல எதைப் பார்ப்பீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்த சாயப்பட்டறையில நம்ம துணி எவ்வளவு கிடக்குதுன்னு பார்ப்பேன்" என்றார். ஆக, அவருக்கு வேண்டியது வெளியே போன துணியின் கணக்கு. அது போனில் தெரிந்தாலும் சரி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிந்தாலும் சரி.

அடுத்த கேள்வியைத்தான் நான் ரொம்ப நம்புகிறேன். "கடைசியா துணிக் கணக்கு எப்போ உதைச்சது? அந்த ஒண்ணை மட்டும் முதல்ல இருந்து சொல்லுங்க." பொதுவாக என்ன பிரச்சினை என்று கேட்டால், எல்லாமே பிரச்சினை என்றுதான் பதில் வரும். நடந்த ஒன்றைக் கேட்டால் தேதி, எடை, யார் கவனிக்கவில்லை என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

அவர் சொன்னது இது. இன்னும் சாயம் ஏறாத கிரே துணி 620 கிலோ சாயத்துக்குப் போயிருக்கிறது. ஐந்து தவணையாகத் திரும்பி வந்ததைக் கூட்டினால் 548 கிலோ. சாயம் போடும்போது எடை குறையும் பிராசஸ் லாஸ், அந்தப் பட்டறையோடு அவர் ஒத்துக்கொண்டபடி 6 சதவீதம். அப்படிப் பார்த்தால் 583 கிலோ வந்திருக்க வேண்டும், 35 கிலோ குறைவு. துணி கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் 14,000 ரூபாய். கட்டிங் டேபிளில் துணி பத்தாமல் போன பிறகுதான் இது தெரிந்திருக்கிறது. அதற்குள் சாய பில்லுக்குப் பணமும் கொடுத்தாயிற்று. இப்படி எத்தனை முறை நடக்கும் என்று கேட்டேன். "மாசத்துக்கு ஒண்ணாவது சிக்கிருங்க" என்றார். வருடத்துக்கு 1,68,000. இந்தக் கணக்கை நான் போடவில்லை, அவரையே கால்குலேட்டரில் போடச் சொன்னேன். போட்டு முடித்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். நானும் இடையில் எதுவும் பேசவில்லை.

பிறகு, தினமும் இதை எழுதப்போவது யார் என்று கேட்டேன். துணிப் பொறுப்பில் 20 வருடமாக இருக்கும் ஒரு பெரியவர். அவரிடம் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று போனைக் கொடுக்கச் சொன்னேன். பணம் கொடுப்பவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு என்றால் இருவரிடமும் பேசாமல் நான் விலை போடுவதில்லை. "ஐயா, சாயத்துல இருந்து துணி வரும்போது கூட வர்ற டெலிவரி சீட்டுல, அந்த டிசியில, என்ன இருக்கும்?" என்றேன். "அவங்க லாட் நம்பர் இருக்கும். நம்ம லாட் நம்பர் இருக்காதுங்க. கலரையும் டயாவையும் பார்த்து நானே இது எந்த லாட்டுன்னு கண்டுபிடிச்சு நோட்டுல எழுதிக்குவேன்" என்றார்.

இந்த ஒரு பதிலில் வேலையின் அளவே மாறிவிட்டது. அதுவரை, துணி போனதை ஒரு திரையில் எழுதி, வந்ததை இன்னொரு திரையில் எழுதினால் மீதி தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போது, வந்த துணி எந்த லாட்டுக்குச் சொந்தம் என்று பொருத்திப் பார்க்கத் தனி வசதி வேண்டும். பெரியவர் மனதில் செய்கிற வேலை அது.

கடைசியாக இரண்டு கேள்விகள். முடிவெடுக்க வேறு யாரிடம் கேட்பீர்கள்? கணக்குவழக்கு தன் தம்பி கையில் என்றார். அப்படியென்றால் விலை சொல்லும் நாளில் தம்பியும் கூட இருக்கட்டும் என்றேன். எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றதற்கு, "நீங்களே சொல்லுங்க" என்றார். பலரும் அப்படித்தான் சொல்வார்கள். "இந்த மாதிரி வேலை 80,000-த்துல இருந்து ஒன்றரை லட்சம் வரைக்கும் போகும். சரியான தொகையை வெள்ளிக்கிழமை தர்றேன்" என்றேன். அதிர்ச்சியான குரல் எதுவும் வரவில்லை. ஒருவேளை அவர் மனதில் 20,000 இருந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும், இரண்டு நாள் உட்கார்ந்து எஸ்டிமேட் போடும் வேலை மிச்சமாகியிருக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் மணிக்கணக்கு போட்டேன். துணி அனுப்பும் திரை 24 மணி நேரம். மீதி, குறைவு காட்டும் அறிக்கை 18. பழைய நோட்டுக் கணக்கை ஏற்ற 10. சோதனையும் இரண்டு நாள் பயிற்சியும் சேர்த்து 16. பேச்சுவார்த்தை, சின்னத் திருத்தங்களுக்கு 12. லாட் பொருத்தும் வேலை 34 என்று தோன்றியது, ஆனால் 50 போட்டேன். எனக்குச் சரியாகத் தெரியாத பகுதி அதுதான். எல்லாவற்றுக்கும் பொதுவாக 20 சதவீதம் ஏற்றுவதைவிட, சந்தேகம் இருக்கும் இடத்தில் மட்டும் ஏற்றினால் கேட்பவருக்குக் காரணம் சொல்ல முடிகிறது. மொத்தம் 130 மணி நேரம், மணிக்கு 850 ரூபாய், 1,10,500. எழுதியது 1,10,000.

இரண்டு பக்கத்தில் அனுப்பினேன். முதல் பத்தியில் விலை இல்லை, அவர் சொன்ன 620 கிலோ கதைதான் இருந்தது. அப்புறம் என்ன செய்வேன், என்ன செய்யமாட்டேன் (நிட்டிங் கணக்கும் டாலியோடு இணைப்பும் இதில் கிடையாது), தொகை, 40 சதவீதம் அட்வான்ஸ், இந்த விலை 15 நாள் செல்லும் என்பது. என் வருட வரவு 20 லட்சத்துக்குள் என்பதால் ஜிஎஸ்டி பதிவு இல்லை, தொகைக்கு மேல் வரி வராது என்பதையும் எழுதினேன். அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், அன்று மாலையே இருவரோடும் வீடியோ காலில் அதை வரிவரியாகப் படித்தேன்.

தம்பி, "எண்பதுக்கு முடிச்சுக்கலாமே" என்றார். வேலையைக் குறைக்காமல் தொகையை மட்டும் குறைத்தால் முதலில் சொன்ன விலை பொய்யாகிவிடும். "பழைய கணக்கை நீங்களே ஏத்திக்குங்க, பயிற்சியை ஒரு நாளா வச்சுக்கலாம். 18 மணி நேரம் குறையும். 95,000" என்றேன். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை 38,000 வந்து சேர்ந்தது.

ஒன்றைக் கேட்கத் தவறிவிட்டேன். இரண்டாவது வாரம் நேரில் போனபோதுதான் பார்த்தேன், வந்த துணியை அங்கே யாரும் எடை போடவில்லை. சாயப்பட்டறை டிசியில் இருக்கும் எடையையே நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அப்படியானால் அந்த 548 கிலோவே சரியான கணக்கு இல்லை. வாசலில் தராசு வைக்கச் சொல்லி, எடைக்குத் தனிக் கட்டம் சேர்த்ததில் ஆறு மணி நேரம் கூடுதலாகப் போயிற்று. அதற்குப் பணம் கேட்கவில்லை, கேட்க மறந்தது நான். இப்போது சரக்கு சம்பந்தமான எந்த வேலைக்குப் பேசினாலும், "எடை போடுறீங்களா, இல்லை டிசியைப் பார்த்து எழுதிக்கிறீங்களா?" என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டுவிடுகிறேன்.