மலையேறி வந்த வளையல்: ஒன்றின் அடக்க விலை எவ்வளவு?

ஆடிப்பூரத்துக்கு முன்னால் குன்னூர் கடைக்குக் கோவையிலிருந்து கண்ணாடி வளையல் இறக்கினோம். மொத்தம் 10 பாக்ஸ், பாக்ஸுக்கு 12 டஜன். பில்லில் இருந்த விலைக்கும் கடைசியில் ஒரு வளையலுக்கு விழுந்த அடக்கத்துக்கும் நல்ல வித்தியாசம் வந்தது. அந்த வித்தியாசம் எந்தெந்த இடத்தில் சேர்ந்தது என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். மலையில் ஃபேன்ஸி கடை வைத்திருப்பவர்களும், கோயிலுக்கோ வளைகாப்புக்கோ மொத்தமாக வாங்குபவர்களும் தங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பாக்ஸ் என்றால் எல்லாக் கடையிலும் 12 டஜன் இல்லை. 4 டஜன் பாக்ஸும் உண்டு, 6 டஜன் பாக்ஸும் உண்டு. விலை கேட்கும்போதே பாக்ஸில் எத்தனை டஜன் என்று கேட்டு, ஒரு பாக்ஸைப் பிரித்து எண்ணிவிட வேண்டும். எல்லாவற்றையும் எண்ண நேரம் இருக்காது. சரியாக 12 உள்ள ஒரு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதே டிசைனில் மற்றக் கட்டுகளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் போதும். ஒன்று குறைந்த கட்டு உயரத்தில் இறங்கித் தெரியும்.

எங்கள் பாக்ஸின் பட்டியல் விலை 360 ரூபாய். டஜன் 30, ஒரு வளையல் 2.50. மொத்த வியாபாரி 10 சதவீதம் தள்ளுபடி தந்தார், ரொக்கமாகக் கொடுத்ததால் மேலும் 5. இதைப் பலரும் 15 சதவீதம் என்று கூட்டிவிடுகிறார்கள். இரண்டாவது தள்ளுபடி, முதல் தள்ளுபடி போன மிச்சத்தின் மேல்தான் விழும். 360-இல் 36 போனால் 324. அந்த 324-இல் 5 சதவீதம் 16.20 போனால் 307.80. ஆகமொத்தம் 14.5 சதவீதம்தான். கண்ணாடி வளையலுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் பில்லில் வேறு எதுவும் ஏறவில்லை. 10 பாக்ஸுக்கு 3,078 ரூபாய், ஒரு வளையல் 2.14. மார்க்கெட்டை விட்டு வெளியே வரும்போது மனதில் தங்குவது இந்த 2.14தான். விலை வைக்கும்போது தவறு நடப்பதும் இதை வைத்துத்தான்.

பார்சல் கட்டணம், ஏற்றுக்கூலி, ஸ்டாண்டிலிருந்து கடைக்கு ஆட்டோ எல்லாம் சேர்ந்து 222 ரூபாய். அடக்கம் 3,300 ஆனது. 1,440 வளையலுக்கு வகுத்தால் 2.29. வளையல் விலை குறைவாக இருக்க இருக்க, வண்டிச் செலவு அதன் மேல் கனமாக விழும். 30 ரூபாய் டஜனானாலும் 90 ரூபாய் டஜனானாலும் பார்சலுக்குக் கிட்டத்தட்ட ஒரே கட்டணம்தான்.

இனி உடைசல். பத்துப் பாக்ஸையும் பிரித்ததில் 84 வளையல் போயிருந்தது. துண்டாகக் கிடந்தவை மட்டும் இல்லை, விரிசல் விட்டவையும் இந்த 84-இல் சேர்த்தி. விரிசலைக் கண்ணால் மட்டும் தேடினால் தப்பிவிடும். வளையலை விரல் நுனியில் தொங்கவிட்டு இன்னொரு வளையலால் மெதுவாகத் தட்ட வேண்டும். நல்ல வளையல் கணீரென்று ஒலித்து, ஒலி கொஞ்சம் நிற்கும். விரிசல் உள்ளது மொட்டையாக ‘டொக்’கென்று அடங்கிவிடும். அதை எடுத்து பல்புக்கு நேரே மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் முடி போல ஒரு கோடு மின்னும். அப்படிப்பட்டதைக் கட்டிலேயே விட்டுவைத்தால் வாங்குகிறவர் கையில் ஏற்றும்போது உடையும். பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும், கை கிழியும். ஆகவே விரிசலை உடைசலாகவே எண்ணிவிடுவது எங்கள் வழக்கம்.

உடைந்த இடத்தையும் பார்க்க வேண்டும். ஃபிரோசாபாத்தில் கண்ணாடியை இழுத்துச் சுருளாகச் சுற்றி, அறுத்து, வாய் திறந்த ஒவ்வொரு வளையத்தையும் தீயில் காட்டி ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டுதான் வளையலின் பலவீனமான இடம். ஒட்டிலேயே விட்டிருந்தால், அதிலும் முனை இரண்டும் மழுங்கலாக வழவழவென்று இருந்தால், கண்ணாடி அங்கே முதலிலேயே சரியாகக் கூடவில்லை. அது சரக்கின் குறை. ஒட்டை விட்டு வேறு இடத்தில் கூர்முனையோடு உடைந்திருந்தால் அது வழியில் பட்ட அடி. எங்கள் 84-இல் 23 ஒட்டில் விட்டவை, அதில் பெரும்பாலும் ஒரே டிசைன். பில்லின் அடியிலேயே ‘உடைசலுக்குப் பொறுப்பில்லை’ என்று அச்சடித்திருந்ததால் அதற்குக் கழிவு கேட்க வழியில்லை. அந்த டிசைனை மறுமுறை எடுக்காமல் விடலாம், அவ்வளவுதான்.

மீதி 61-க்குக் காரணம் பாதையும் அடுக்கிய விதமும். கல்லாறு தாண்டி பர்லியாறு வழியாக ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பாக்ஸ் பக்கவாட்டில் சாயும். உள்ளே ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் கட்டு நகர்ந்து நகர்ந்து சுவரில் மோதும். வளையல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்து, கட்டு தூண் போல நின்றால் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். கட்டைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றினால் ஒவ்வொரு வளையலும் விளிம்பில் நின்று நசுங்கும், வட்டம் முட்டையாகி உடையும். எங்கள் பத்துப் பாக்ஸில் அதிகம் உடைந்த இரண்டும் அப்படிப் படுக்க வைக்கப்பட்டு அடித்தட்டில் வந்தவை. ஆடிச் சாரலில் அட்டை நமுத்துவிட்டால் அதன் விறைப்பும் போய்விடும், பாரம் நேரே கண்ணாடிக்கு இறங்கும். எந்தப் பக்கம் மேலே என்று மார்க்கரில் பெரிதாக அம்பு போட்டு, இடைவெளியில் பழைய பேப்பரைத் திணித்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொடுத்தால் உடைசல் நிச்சயம் குறையும். இதை மொத்தக் கடையிலேயே நின்று செய்ய வேண்டும்.

84 போக மிச்சம் 1,356. 3,300-ஐ அதால் வகுத்தால் ஒன்று 2.43. கணக்குப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுவார்கள். வளையல் டஜனாக விற்கிற சரக்கு என்பதால் இங்கே நிறுத்தக் கூடாது.

‘அக்கா, பச்சையில ரெண்டு-ஆறு ஒரு டஜன் குடுங்க’ என்று கேட்பவருக்கு 11 பச்சையும் 1 சிவப்பும் கட்டிக் கொடுக்க முடியாது. நாங்கள் எடுத்தது பத்துப் பாக்ஸும் பத்து நிறம். ஒரு நிறத்தில் உடைந்ததை வேறு நிறம் ஈடுகட்டாது. பாக்ஸ் வாரியாக உடைந்தது 3, 5, 11, 8, 14, 4, 7, 9, 13, 10. மூன்றே மூன்று உடைந்த பாக்ஸிலும் 12 டஜன் 11 டஜனாகிவிட்டது, 9 வளையல் உதிரியாக நின்றது. பதினான்கும் பதின்மூன்றும் உடைந்த பாக்ஸ்களில் இரண்டிரண்டு டஜன் போனது. எல்லாப் பாக்ஸையும் கூட்டினால் முழு டஜன் 108, உதிரி 60. உடைந்தது நூற்றுக்கு ஆறு வளையல்தான், ஆனால் டஜனில் நூற்றுக்குப் பத்து குறைந்துவிட்டது. 3,300-ஐ 108-ஆல் வகுத்தால் டஜன் 30.56, ஒரு வளையல் 2.55.

உதிரி 60-ஐயும் ஒரு வளைகாப்பு வீட்டார் தாம்பூலப் பையில் போட 100 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார்கள். பைக்கு இரண்டு என்று போடுவதால் அங்கே முழு டஜன் தேவையில்லை. அந்த 100-ஐ அடக்கத்தில் கழித்தால் 3,200, டஜன் 29.63, ஒன்று 2.47. பட்டியல் விலை 2.50 என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். 14.5 சதவீதத் தள்ளுபடியில் ஏறக்குறைய முழுவதையும் மலைப்பாதையும் உடைசலும் எடுத்துக்கொண்டன. கடையில் டஜன் 45 ரூபாய் வைத்தோம். 2.14 அடக்கம் என்று நினைத்திருந்தால் டஜனுக்கு 19 ரூபாய்க்கு மேல் நிற்கிறது என்று நம்பியிருப்போம். உண்மையில் நின்றது 15 ரூபாய் 37 காசு. 108 டஜனுக்கு அந்த வித்தியாசம் ஏறக்குறைய 430 ரூபாய்.

இதே உடைசலோடு, நிறத்தைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் போட்டுப் பார்த்தோம். பத்துப் பாக்ஸும் ஒரே அளவில், சிவப்பு ஐந்து, பச்சை ஐந்து என்று எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாக்ஸின் நல்ல வளையல்களும் ஒன்றோடொன்று கலக்கும். சிவப்பில் 41, பச்சையில் 43 உடைந்திருந்தாலும் நிறத்துக்கு 56 டஜன் வீதம் 112 டஜன் கட்டலாம், உதிரி 12தான் மிஞ்சும். உதிரியை விற்காமலேயே ஒன்று 2.46-க்கு வந்துவிடுகிறது. அளவுக்கும் இதே கணக்குத்தான். 2.4, 2.6, 2.8 என்பது இரண்டு அங்குலத்துக்கு மேல் அங்குலத்தின் பதினாறில் நான்கு, ஆறு, எட்டு பங்கு. 2.6-இல் உடைந்ததை 2.8 நிரப்பாது. கலர் கலராக வைத்தால்தான் கடை பார்க்க அழகு என்பது எனக்கும் தெரியும். ஆனால் வேகமாக ஓடும் இரண்டு நிறத்தை ஆழமாகவும், மற்றதை ஒவ்வொரு பாக்ஸாகவும் எடுத்து, அந்த ஒற்றைப் பாக்ஸ் நிறங்களுக்கு டஜன் விலையைக் கொஞ்சம் ஏற்றி வைப்பதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது.

ரொக்கத் தள்ளுபடி 5 வேண்டாம், அதற்குப் பதில் பாக்ஸுக்கு அரை டஜன் அதே நிறத்தில் கூடுதலாகத் தாருங்கள் என்று கேட்டால் ஒப்புக்கொள்கிற வியாபாரிகளும் உண்டு. எங்கள் உடைசல் அளவுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: டஜன் 30.56-க்குப் பதில் 30.64 விழும். உடைசல் இதைவிடக் குறைவாக வரும் என்று தெரிந்தாலும் உடனே கூடுதல்தான் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பாக்ஸில் ஆறுக்குள்தான் உடையும் என்றால், ஆறு கூடுதல் வளையல் அந்தப் பாக்ஸின் பன்னிரண்டாவது டஜனைக் காப்பாற்றிவிடும். ஏழு, எட்டு என்று போனால் காப்பாற்றாது, உதிரியைத்தான் கூட்டும். ஆகவே முந்தைய சரக்கில் பாக்ஸ் வாரியாக எத்தனை உடைந்தது என்ற எண் கையில் இருக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை இந்த முடிவுக்கு உதவாது.

பிரித்து அடுக்கிய பிறகும் உடையும். பெரும்பாலும் அளவு தெரியாமல் போட்டுப் பார்க்கும்போதுதான். ஒவ்வொரு அளவிலும் ஒரு மெட்டல் வளையலை நூலில் கோத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். முதலில் அதைப் போட்டு அளவு பார்த்த பிறகுதான் கண்ணாடிக் கட்டை அவிழ்ப்பது. கட்டை அவிழ்த்து ஒன்று உடைந்தால், மிச்சம் 11-ஐ அதே நிறத்து உதிரியோடு சேர்த்து அன்று மாலையே மறுபடி டஜனாகக் கட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அந்த 11-உம் வேறு டப்பாவுக்குப் போய், டஜன் விலை இழந்து உதிரி விலைக்கு இறங்கிவிடும்.