வருடத்துக்கு ஒரு முறை எழுதும் மாஸ்டர் ஃபைல்: ஒரு பதிவிலிருந்து மூன்று விண்ணப்பம் வெட்டி எடுத்த கதை

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி பக்கத்திலிருந்து மேல்படிப்புக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் சிவி, எஸ்ஓபி இரண்டையும் சில வருடங்களாகப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால்தான் வருவார்கள். ஆங்கிலத்தை ஒரு மாலையில் சரி செய்துவிடலாம். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வேலையில் என்ன செய்தாய், எத்தனை பேர் இருந்தார்கள், யார் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வராது, அதை அந்த இரண்டு நாளில் உருவாக்கவும் முடியாது. அதனால்தான் எல்லாரிடமும் ஒரு மாஸ்டர் ஃபைல் வைக்கச் சொல்கிறேன். யாருக்கும் அனுப்பாத, நீளத்தைப் பற்றிக் கவலைப்படாத, செய்தது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பு, அவ்வளவுதான். அதில் ஒரு பதிவை எப்படி எழுதினால் பின்னால் வெட்டி எடுக்க வசதியாக இருக்கும் என்பதை என் சித்தி மகளின் பதிவு ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

அவள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி வேதியியல் முடித்துவிட்டு மணலிப் பக்கம் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மாலையில் காசிமேட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன். அவளுடைய ரெஸ்யூமேயில் வேலையைப் பற்றி இருந்தது ஒரே வரி: "நீர் மாதிரிகளைச் சேகரித்தல், பரிசோதித்தல், அறிக்கை தயாரித்தல்." இந்த வரியை அந்தத் துறையில் இருக்கிற எல்லாருமே போட்டுக்கொள்ளலாம், இவள் செய்தது என்று அதில் எதுவும் இல்லை. "அங்கே உன்னால் ஏதாவது மாறியதா?" என்று கேட்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, ஒரு பேப்பர் எழுதி ஒட்டினேன், அவ்வளவுதான்" என்றாள். அந்தப் பேப்பர்தான் விஷயமே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு அப்புறம் அவர்கள் கூடத்துக்கு எண்ணெய், கிரீஸ் அளவு பார்க்கச் சொல்லி வரும் மாதிரிகள் அதிகமாகின. மாதிரி எடுக்கப் போனவர்கள் புதியவர்கள். மற்ற சோதனைகளுக்குச் செய்கிற மாதிரியே பாட்டிலை அதே தண்ணீரில் அலசிவிட்டு நிரப்பினார்கள், சிலர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வந்தார்கள். எண்ணெய்ச் சோதனைக்கு இது இரண்டுமே ஆகாது. எண்ணெய் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அலசினாலே அளவு தப்பாகிவிடும். வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலில் அலசாமல் நேரடியாக எடுத்து, பிஎச் 2க்குக் கீழே வரும்படி அமிலம் சேர்த்து, குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். இதை அவள் தமிழில், படத்தோடு, ஒரு பக்கத்தில் எழுதி, மேனேஜரிடம் காட்டி ஒப்புதல் வாங்கி, வண்டிச் சாவி தொங்குகிற இடத்தில் ஒட்டியிருக்கிறாள். அதைத்தான் "ஒண்ணும் இல்லக்கா" என்கிறாள்!

மாஸ்டர் ஃபைலில் அந்தப் பதிவு இப்படிப் போனது, அவள் வார்த்தையிலேயே:

"2023 டிசம்பர் முதல் 2024 ஜனவரி வரை. எண்ணெய், கிரீஸ் மாதிரி எடுக்கிற 4 பேர் புதுசு. டிசம்பரில் வந்த 62ல் 11 மாதிரி செல்லாது என்று திருப்பினோம். காரணம் பிளாஸ்டிக் பாட்டில், அலசியது, அமிலம் சேர்க்காதது. நான் ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன், படம் வரைந்தது உடன் வேலை செய்த பெண். 4 பேருக்கும் ஒரு நாள் காலையில் செய்து காட்டினேன். ஜனவரியில் 58ல் 2 மட்டும் திருப்பினோம். எண் எங்கிருந்து: மாதிரிப் பதிவேடு, நானே எண்ணியது. பார்த்தவர்: டெக்னிக்கல் மேனேஜர். ஆதாரம்: குறிப்பின் போட்டோ."

இதில் கவனிக்க வேண்டியது, எண் எங்கிருந்து வந்தது என்பதும் அதில் இருக்கிறது. நேர்முகத்தில் "இந்த 11 என்பது எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பதிவேடு என்று சொல்ல முடியும். எண் இல்லாத விஷயம் என்றால் இல்லை என்றே விடுங்கள், தோராயமாக ஒன்றைப் போட்டு வைத்தால் இரண்டு வருடம் கழித்து உங்களுக்கே அது உண்மை என்று தோன்ற ஆரம்பித்துவிடும். அதே மாதிரி, எது நான் செய்தது, எது சேர்ந்து செய்தது என்று அப்போதே பிரித்து எழுதுங்கள். நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் "நாங்கள் செய்தோம்" என்று எழுதுவார்கள், நல்ல குணம்தான், ஆனால் தேர்வுக் குழு அதில் உங்கள் பங்கைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். இன்னொன்று, மாதிரி அனுப்பிய கம்பெனிகளின் பெயரும் சோதனை முடிவுகளும் அந்தக் கூடத்துக்கும் வாடிக்கையாளருக்கும் சொந்தம், அதை உங்கள் ஃபைலில் எழுதவே கூடாது.

தமிழிலேயே எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் தெரிந்த ஆங்கிலத்துக்குள் அடங்குகிற விஷயம் மட்டும்தான் வரும். விண்ணப்பத்துக்கு வெட்டும்போது மொழி மாற்றிக்கொள்ளலாம்.

சரி, வெட்டுவது எப்படி? அவள் அந்த வருடம் மூன்று இடத்துக்கு விண்ணப்பித்தாள். சுற்றுச்சூழல் பொறியியல் முதுகலைக்கு அனுப்பிய சிவியில் முறைதான் முன்னால் வந்தது: எண்ணெய், கிரீஸ் சோதனைக்கு மாதிரி எடுப்பது, பாதுகாப்பது, எந்த இடத்தில் பிழை நுழைகிறது என்று கண்டுபிடித்தது. பேராசிரியர் அதைத்தான் பார்ப்பார். ஒரு பெரிய கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு அனுப்பிய ஒரு பக்க ரெஸ்யூமேயில் ஒரே வரி, 62ல் 11 திருப்பப்பட்டது ஒரு மாதத்தில் 58ல் 2 ஆனது, அதற்குக் காரணமான குறிப்பும் பயிற்சியும். பிரிட்டன் அரசு கொடுக்கும் செவனிங் உதவித்தொகையின் தலைமைப் பண்பு பற்றிய கட்டுரையில் வேதியியல் கிட்டத்தட்ட காணாமல் போனது. தன்னைவிட வயதில் மூத்த, வண்டி ஓட்டி மாதிரி எடுக்கிற அண்ணன்களிடம் "நீங்கள் செய்வது தப்பு" என்று சொல்லாமல், ஒரே தண்ணீரை அலசிய பாட்டிலிலும் அலசாத பாட்டிலிலும் பிடித்து இரண்டு அளவையும் காட்டி ஒப்புக்கொள்ள வைத்தாள் என்பதுதான் அங்கே கதை. இந்த விவரம் முதலில் எழுதிய பதிவில் இல்லை, கட்டுரைக்காகப் பேசும்போது வந்தது. வந்ததும் மாஸ்டர் ஃபைலில் அந்தப் பதிவுக்குக் கீழே சேர்த்துவிட்டோம். இது முக்கியம்: விண்ணப்பத்துக்காக நினைவுக்கு வந்ததும், அங்கே நன்றாக அமைந்த ஆங்கில வரியும் திரும்ப மாஸ்டருக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து.

வெட்டும்போது மாஸ்டரைத் தொடாதீர்கள். புது டாக்குமெண்ட் திறந்து அதில் ஒட்டிக் குறையுங்கள். ஒவ்வொரு பதிவின் முதல் வரியிலும் ஆய்வகம், கற்பித்தல், தலைமை, எழுத்து என்று ஓரிரண்டு அடையாளச் சொல் போட்டு வைத்தால், அறிவிப்பில் கேட்டிருப்பதை அடிக்கோடிட்டுக்கொண்டு `Ctrl+F` போட்டுத் தேடினால் போதும். அவளுக்கு மூன்றாவது விண்ணப்பம் ஒரே மாலையில் முடிந்தது.

மணிநேரக் கணக்கும் வருடா வருடம் எழுத வேண்டிய ஒன்று. செவனிங் 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்கிறது, முழுநேர வேலையோடு பகுதிநேரமும் தன்னார்வப் பணியும் கணக்கில் வரும். அவளுக்குக் கூடத்தில் வாரம் 48 மணி, விடுப்பு போக வருடத்துக்கு 48 வாரம், ஆக 2,304. டியூஷன் வாரம் மூன்று மாலை, இரண்டிரண்டு மணிநேரம், பள்ளி நடக்கிற 40 வாரத்துக்கு 240. ஒரு வருடத்துக்கு 2,544 ஆகிவிடுகிறது. டியூஷனை அவள் வேலை என்றே நினைக்கவில்லை, அதனால் எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை, தொடங்கிய மாதத்தைக் கண்டுபிடிக்க ஒரு தாயின் வாட்ஸாப்பில் பழைய செய்தியைத் தேட வேண்டியிருந்தது. எந்த மணிநேரம் செல்லும் என்கிற விதியை மட்டும் அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை என்றால் எப்போது? நான் பொங்கல் விடுமுறையைச் சொல்வேன். வருடம் முடிந்திருக்கும், கையில் நாள் இருக்கும், செவனிங் போன்றவை ஆகஸ்ட் வாக்கில்தான் திறக்கும் என்பதால் அவசரமும் இருக்காது. வெறும் நினைவை வைத்து எழுதினால் நவம்பர், டிசம்பர் மட்டும்தான் வரும். போன் கேலரியை ஜனவரியிலிருந்து மாதம் மாதமாகத் தள்ளிப் பாருங்கள், அப்புறம் அனுப்பிய மெயில்கள், பிஎஃப் பாஸ்புக். பாஸ்புக்கில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வேலையில் இருந்தீர்கள் என்பது தெரியும், அனுபவக் கடிதத்தில் தேதி தவறாக வந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். வேலையை விடுகிற வருடமென்றால் பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம், கடைசி வாரத்திலேயே எழுதிவிடுங்கள். ஆபீஸ் மெயில் மூடிவிடும், பதிவேட்டை அதற்கு மேல் பார்க்க முடியாது. கல்லூரி மெயிலும் அப்படித்தான்.

சான்றுகளை ஒரே ஃபோல்டரில், தேதி முன்னால் வரும்படி பெயரிட்டு வையுங்கள்:

```
2023-12_sampling-note_photo.jpg
2024-03_tuition_letter.pdf
```

ஃபைலின் முதல் வரியில் உங்கள் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி, பட்டத்தில் எப்படி, பாஸ்போர்ட்டில் எப்படி என்று எழுத்து மாறாமல் எழுதி வையுங்கள். சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராகியிருக்கும், ஆன்லைன் படிவம் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கும். ஆதார் எண், வங்கி விவரம் எதையும் இதில் போடாதீர்கள்.

கடைசியாக, பரிந்துரைக் கடிதம். "பார்த்தவர்" என்று ஒவ்வொரு பதிவிலும் எழுதியது இதற்காகவும்தான். அவள் டெக்னிக்கல் மேனேஜரிடம் கடிதம் கேட்டபோது, வேலையை விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தது, அவர் பார்த்த பதிவுகளை மட்டும் வெட்டி அரைப் பக்கமாக அனுப்பினாள். "நல்ல பெண், கடின உழைப்பாளி" என்று வந்திருக்க வேண்டிய கடிதத்தில் 62, 11, 58, 2 நான்கும் இருந்தன, கூடவே அவளுக்கே தெரியாத ஒன்றையும் அவர் எழுதியிருந்தார்: அந்தக் குறிப்பை இப்போதும் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்களாம். அதுவும் அந்தப் பொங்கலுக்கு மாஸ்டர் ஃபைலில் ஏறிவிட்டது, ஆதாரம் என்கிற இடத்தில் அவருடைய கடிதத்தோடு.