இறங்கக் கற்றபின்தான் நடை

ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் மேலே ஏறி நடக்கும் ஒடுக்கமான கட்டைதான் பீம்; 125 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலம். சிறு பிள்ளைகளுக்கு அகலம் அதேதான், உயரத்தை மட்டும் குறைத்துவிடுவோம். எங்கள் லோ பீம் முழங்கால் உயரம்கூட வராது. அந்த உயரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்ற நினைப்பில்தான் ஆரம்பத்தில் நேரே நடக்கவிட்டேன்.

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி என் கையைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். நடுவில் எனக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தாள். நான் கையை விடாமல் இழுத்தேன். உடம்பு திரும்பியதில் மறு கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரம் பயிற்சிக்கு வரவில்லை. தவறு என்னுடையது. அன்றைக்குப் பிறகுதான் கவனித்தேன்: என் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் என் பக்கத்துத் தோள் தூக்கியிருக்கிறது, இடுப்பு என் பக்கம் சாய்ந்திருக்கிறது. பீமில் நிற்காமல் என்மேல் நின்றுகொண்டிருந்தார்கள்.

இப்போது கை கொடுப்பதில்லை. அரையடி பின்தங்கிப் பக்கவாட்டில் கூடவே நடப்பேன். ஒரு கை வயிற்றுக்கு முன்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால், தொடாமல் இரண்டு விரல் இடைவெளியில். சாய்ந்தால் இடுப்பைத்தான் பிடிப்பேன், கையை அல்ல.

முதல் வாரம் நடையே கிடையாது, இறங்குவது மட்டும்தான். பீமின் முனையில் நின்று, கீழே விரித்த மெத்தையில் யாரும் இல்லை என்று பார்த்து, கைகளை உயர்த்தி நேராகக் குதிக்க வேண்டும். பாதங்கள் இடுப்பகலம், முழங்கால் மடங்கி, கைகள் முன்னால், மூன்று எண்ணும்வரை அசையக்கூடாது. காதால்கூடக் கண்டுபிடிக்கலாம்: 'தொப்'பென்று சத்தம் வந்தால் முழங்கால் மடங்கவில்லை. குதித்தவள் மெத்தையை விட்டு விலகும்வரை அடுத்தவள் ஏறக்கூடாது. மெத்தைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் கால்விரல் சிக்கிக் கணுக்கால் பிசகும். அதனால் தினமும் நானே காலால் தள்ளி நெருக்கி வைப்பேன்.

தடுமாறும்போது ஒரே விதி. முதலில் முழங்காலை மடக்கி நில். அப்படியும் சாய்ந்தால், சாயும் பக்கமே இரண்டு காலாலும் குதி. பீமைப் பிடிக்கப் போனால் கால்கள் இரு பக்கமும் போய் அதன்மேலேயே விழுவார்கள். பின்னால் கை ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். இது வாயால் சொன்னால் பதியாது. நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று கைதட்டுவேன், தட்டியதும் குதித்துவிட வேண்டும். தொடர்ந்து பத்து முறை கை ஊன்றாமல் இறங்கினால்தான் அடுத்த உயரம்.

அந்தச் சிறுமி திரும்பி வந்தபோது பீமில் ஏறவே பயந்தாள். ஒரு மாதம் தரையில் ஒட்டிய டேப் கோட்டில்தான் கைதட்டலும் குதித்தலும். பிறகு லோ பீம், பிறகு அதைவிட உயரமானது. அங்கே மூன்றாவது அடியிலேயே சாய்ந்தாள். நான் பிடிப்பதற்குள் குதித்து, முழங்காலை மடக்கி நின்று, வாய்விட்டு எண்ணினாள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு." பிறகு கேட்டாள்:

"மிஸ், நீங்க கையே தட்டலையே?"