இரண்டு நிமிடக் குறும்படம்: மூன்றாவது எடிட்டில்தான் கதை வந்தது

முதல் எடிட் 1 நிமிடம் 52 நொடி வந்தது. மகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் ஓர் அப்பா படிப்பு மேசை ஒன்றை மூன்றாவது மாடிக்குத் தனியாகத் தூக்கிப் போகிறார். மேசை சுவரில் இடிக்கிறது, கை வழுக்குகிறது, மூச்சு வாங்குகிறது. கடைசியில் எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார். ஷாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. நான்கு நண்பர்களுக்குச் சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டி இரண்டு கேள்விகள் கேட்டேன். இவருக்கு என்ன வேண்டும்? அது ஏன் எளிதில் கிடைக்கவில்லை? முதல் கேள்விக்கு எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். இரண்டாவதற்கு, "படிக்கட்டு குறுகலா இருக்கே" என்றார்கள்.

அங்கேதான் கோளாறு. ஆசை தெளிவாக இருந்தது. மகள் தரையில் குப்புறப் படுத்து எழுதுகிற ஒரே ஷாட், 6 நொடி, அதற்குப் போதும். ஆனால் தடை முழுக்க வெளியில் இருந்தது. படிக்கட்டை ஜெயிக்கத் தோள்பலம் போதும். அதற்காக அந்த மனிதர் உள்ளுக்குள் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அதனால் பார்க்கிறவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது எடிட்டில் அவரை முன்கோபி ஆக்கினேன். மேசையை உதைக்கிறார், யாரையோ திட்டுகிறார். இது இன்னும் மோசமாகப் போனது. கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேசை அதே வேகத்தில்தான் மேலே போகிறது. குறை ஒரு பக்கம், கதை ஒரு பக்கம். அவரைப் பிடிக்காமல் போனதுதான் மிச்சம்.

பிறகு ஸ்கிரிப்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு வேறு மாதிரி யோசித்தேன். இவரிடம் எந்தக் குறை இல்லாவிட்டால் இந்தப் படம் இருபதாவது நொடியிலேயே முடிந்துவிடும்? விடை உடனே கிடைத்தது: யாரிடமும் உதவி வாங்க மாட்டார். வாங்குகிறவராக இருந்தால் கீழ் வீட்டுப் பையன் ஒரு முனையைப் பிடிப்பான், மேசை மேலே போய்விடும், படமே தேவையில்லை. இந்தக் கேள்வியை இப்போது எல்லாக் கதைக் கருவுக்கும் போட்டுப் பார்க்கிறேன். குறையை எடுத்த பிறகும் கதை அப்படியே நடந்தால், அந்தக் குறை ஒட்டவைத்தது என்று அர்த்தம்.

அடுத்து, அதை வசனம் இல்லாமல் காட்ட வேண்டும். "எனக்கு யாரும் வேண்டாம்" என்று ஒரு வரி எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். பதிலாக ஒரு க்ளோசப் எடுத்தேன். பையன் மேசையின் விளிம்பில் கை வைக்க வருகிறான். அப்பா சிரித்துக்கொண்டே தன் கையை நகர்த்தி அந்த இடத்தை மூடிக்கொள்கிறார். பையனின் கை அந்தரத்தில் ஒரு கணம் நின்று பின்வாங்குகிறது. 18ஆவது நொடியில் வரும் இந்த ஷாட்டின் நீளம் 3 நொடிதான். அவர் கெட்டவராகத் தெரியவில்லை, ஆனால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடுகிறது.

நடுவில் மூன்று முறை தடுமாறுவதாக இருந்ததில் இரண்டை எடுத்துவிட்டேன். ஒன்றைப் போலவே மற்றதும் இருந்தது. அந்த இடத்தில் பையன் மறுபடி படியேறி வருகிறான். சத்தம் கேட்டதும் அப்பா சட்டென்று மேசைமேல் உட்கார்ந்து, போன் பார்ப்பதுபோல் நடிக்கிறார். குறையை மறைக்க இப்போது பொய்யும் சேர்கிறது. அடுத்த முயற்சி முந்தையதைவிட அதிக விலை கேட்க வேண்டும், வெறுமனே இன்னொரு முறை விழுந்தால் போதாது.

உச்சக் கட்டத்துக்குத் தடையையே மாற்ற வேண்டியிருந்தது. பலத்தால் தீரும் தடையாக இருந்தால் அவர் குறையோடேயே ஜெயித்துவிடுவார். அதனால் படி திரும்புகிற இடத்தில் மேசைக்கால் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொள்கிறது. பாரம் முழுக்க அவர் மேல். கையை விட்டால் மேசை உருளும். தனியாக இன்னும் ஓர் அங்குலம்கூடத் தூக்க முடியாது. அப்போது பின்னால் புத்தகப்பையோடு மகள் நிற்கிறாள். அவர் திரும்பிப் பார்க்கிற ஷாட்டை முதலில் ஒன்றரை நொடியில் வெட்டியிருந்தேன். 4 நொடிக்கு நீட்டினேன். அவர் முடிவெடுப்பது அந்த இடைவெளியில்தான், அதைக் குறுக்கினால் அவர் மாறியதே தெரியாது. பிறகு அதே க்ளோசப், அதே கோணம்: கையை நகர்த்தி, விளிம்பில் ஒரு சின்னக் கைக்கு இடம் விடுகிறார். மகளுக்குத் தெரியாமல் செய்ய நினைத்தது நடக்கவில்லை, ஆனால் மேசை நகர்கிறது.

இந்த எடிட்டைப் படத்தை முன்பு பார்க்காத மூன்று பேரிடம் காட்டினேன். இரண்டாவது கேள்விக்கு ஒருவர், "அவர்தான் யாரையும் விடலையே" என்றார்.

நீளம் இப்போது 2 நிமிடம் 9 நொடி. மேசை அறைக்குள் போய், மகள் உட்கார்ந்து எழுதுகிற ஷாட்டை வெட்டிவிட்டால் சரியாக இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடும். இரண்டு கைகளும் ஒரே விளிம்பில் இருக்கும்போதே முடித்துப் பார்க்கப்போகிறேன்.